புதுப்பிப்பு: யுபிஐ-யில் பணம் வந்தும் ஆர்டர் உறுதியாகாத சிக்கல்

நான் கேட்டது: “ஏற்காடு காபித்தூள், மிளகு விக்கிற வூகாமர்ஸ் கடை. யுபிஐ-ல பணம் வருது, ஆனா சில ஆர்டர் Pending payment-லயே நிக்குது, உறுதி மெயிலும் போகல. ஏன்?”

பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பணம் வசூலிக்கிற கேட்வே நேரடியா கடைக்குச் சேதி அனுப்புற வெப்ஹூக்கைப் பார்க்கச் சொன்ன அண்ணன் யோசனைதான் பலித்தது. வாங்குறவங்க யுபிஐ ஆப்பில் பணம் கட்டிட்டு பிரௌசருக்குத் திரும்பலைன்னா, வெப்ஹூக் இல்லாம பணம் வந்த சேதி கடைக்குத் தெரியாது. ஆர்டர் Processing-க்கு மாறினால்தான் வாடிக்கையாளருக்கு மெயில் கிளம்பும். கேட்வே டாஷ்போர்டில் வெப்ஹூக் முகவரியும் சீக்ரெட்டும் கொடுத்து, `payment.captured` நிகழ்வை இயக்கினேன். பிறகு நானே ஒரு ஆர்டர் போட்டு, பணம் கட்டினதும் பிரௌசரை மூடிட்டேன். மெயில் வந்தது.

எஸ்பிஎஃப் பதிவு சேர்க்கச் சொன்ன தம்பி சொன்னதும் பாதி சரி. மெயில் ஸ்பாமில் விழுவது குறைந்தது, ஆனால் கிளம்பாத மெயிலுக்கு அது மருந்தில்லை. கேஷ் ஆன் டெலிவரி பார்சல் திரும்பி வருதுன்னு எழுதின ஆத்தூர் அக்கா, அது வேற விஷயம், தனியா கேளுங்க.

எதிர்பாராதது ஒண்ணு: பணம் வராத ஆர்டருக்குச் சரக்கை ஒதுக்கி வைக்கிற Hold stock நேரம் 60 நிமிடம்னு இருந்ததால், நின்றுபோன ஆர்டர்கள் தானாகவே Cancelled ஆகியிருந்தன. அதனால் மட்டும் பணம் திரும்பிப் போகாது, ரீஃபண்டைத் தனியாகக் கொடுக்கணும். ரீஃபண்ட் கொடுத்தாலும் எங்க கேட்வே கட்டணம் திரும்ப வராது. அதனால் முதலில் போன் செய்து, பொருள் இன்னும் வேணுமான்னு கேட்டுக்கறேன்.

காபி அரைத்த பிறகு ரத்து செய்தால் எவ்வளவு திருப்பித் தரலாம்னு விதி எழுதுறது மட்டும் இன்னும் முடிவாகல.