முதலாமவரும் இரண்டாமவரும் காலிறுதியிலேயே மோதிய கதை

திருச்சி செல்வி: எங்கள் கிளப்பில் 16 பேர் ஆடிய ரேபிட் செஸ் நாக் அவுட். யாரோடு யார் மோதுவது என்ற டிராவை ரேட்டிங் பார்த்துத்தான் போட்டார்கள். 1-16, 2-15, 3-14 என்று முதல் சுற்று ஜோடிகளில் குறையே இல்லை. ஆனால் அதே வரிசையில் சார்ட்டில் மேலிருந்து கீழே எழுதிவிட்டார்கள். அடுத்தடுத்த ஜோடிகளில் ஜெயித்தவர்கள்தானே அடுத்து மோதுவார்கள்? காலிறுதியிலேயே முதலாமவரும் இரண்டாமவரும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டார்கள். தோற்றவர் பரிசு எதுவும் இல்லாமல் கிளம்பினார். இறுதி ஆட்டத்தில் சுவாரசியமே இல்லை. உங்கள் பக்கமும் இப்படி நடந்திருக்கிறதா?

பழைய ஆர்பிட்டர்: நிறையப் பார்த்திருக்கிறேன் செல்வி. நான் சார்ட்டை இறுதியிலிருந்து பின்னோக்கிப் போடுவேன். முதலில் 1, 2. அரையிறுதிக்குக் கூட்டுத்தொகை 5 வர வேண்டும்: 1-4, 3-2. காலிறுதிக்கு 9: 1-8, 5-4, 3-6, 7-2. முதல் சுற்றுக்கு 17. மேலிருந்து எழுதினால் 1-16, 8-9, 5-12, 4-13, 3-14, 6-11, 7-10, 2-15. சரிபார்க்க ஒரே வழி: ரேட்டிங் கூடியவரே எல்லா ஆட்டத்திலும் ஜெயிப்பதாக வைத்து விரலை ஓட்டுங்கள். இறுதிக்கு முன்பே 1-ம் 2-ம் சந்தித்தால் சார்ட் தப்பு. 11 பேர்தான் வந்தார்கள் என்றால் 12 முதல் 16 வரை காலி. அவர்களோடு ஜோடியான முதல் ஐவருக்கு பை, அதாவது ஆடாமலே அடுத்த சுற்று, தானாக விழும்.

மதுரை டென்னிஸ் பிரியன்: விம்பிள்டனிலும் இதேதான். யார் யாரோடு என்பது முன்பே முடிவான கணக்கு.

பழைய ஆர்பிட்டர்: பாதி சரி தம்பி. 1-ம் 2-ம் வேறு வேறு பாதியில் இருப்பது உறுதி. 3-ம் 4-ம் எந்தப் பாதிக்குப் போவார்கள் என்பது குலுக்கல். அதனால் அரையிறுதியில் 1-க்கு எதிரே 3 வரலாம்.

கவிதா அம்மா: என் பையனுக்கு முதல் சுற்றிலேயே ரொம்பப் பெரிய ரேட்டிங் ஆள் விழுந்தார். 60 பேர், ஸ்விஸ் முறை. அதுவும் டிரா கோளாறா சார்?

பழைய ஆர்பிட்டர்: இல்லைம்மா, அது வேறு. ஸ்விஸ்ஸில் மேல்பாதியும் கீழ்பாதியும் மோதும். 1-க்கு 31 வருவார். ஒரு தோல்வியோடு யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

நங்கநல்லூர் குமரன்: 31 என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 பாகு உலகக் கோப்பையில் பிரக்ஞானந்தா 31-ஆம் இடம், நகமுரா 2-ஆம் இடம். 32 பேர் மிச்சமிருந்த சுற்றில் இருவரும் மோதினார்கள். கூட்டுத்தொகை 33, சார் சொன்ன கணக்குதான்! நம்ம பையன் ஜெயித்து, அரையிறுதியில் 3-ஆம் இடத்துக் கருவானாவையும் தாண்டி, இறுதியில் முதலிடத்து கார்ல்சனிடம்தான் தோற்றான். சார்ட் சரியாகத்தான் இருந்தது, ரேட்டிங்தான் பையனின் வேகத்துக்கு வரவில்லை.

திருச்சி செல்வி: எங்களுக்கும் அதே தலைவலி. ரேட்டிங்கே இல்லாத பள்ளிப் பிள்ளைகளைக் கடைசியில் போடுகிறோம். அதில் ஒருவன் புலியாக இருந்தால் முதல் சுற்றிலேயே முதலாமவர் காலி. அவர்களைக் குலுக்கிப் போடலாமா சார்?

பழைய ஆர்பிட்டர்: நான் குலுக்குவேன். முதலாமவர்கள் சண்டைக்கு வருவார்கள், தயாராக இருங்கள்.