கலைச்சொல் தேவை: எந்திரம் தயங்கிப் படித்த சொல்லை என்னவென்று சொல்வது?

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம்.

மருந்துச் சீட்டைப் படம் பிடித்தால் அதை அச்செழுத்தாக மாற்றித் தரும் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எந்திரம் உறுதியாகப் படிக்க முடியாத சொல்லை மஞ்சளாகக் காட்டி, மேலே ‘லோ கான்ஃபிடன்ஸ்’ என்று போடுகிறார்கள். ‘குறைந்த நம்பிக்கை’ என்று எழுதிப் பார்த்தேன். டாக்டரையே நம்பாதே என்று சொல்வது போல இருக்கிறது.

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. போன மாதம் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. சீட்டைப் பக்கத்து வீட்டுப் பெண் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். கரண்ட் இல்லாத சாயங்காலம், வெளியே மூட்டம், நாலாக மடித்த ஈரத்தாள். செயலியில் ஏற்றினேன். `Metformin 400`, 1-1-1, ஐந்து நாள் என்று வந்தது. மஞ்சள் எதுவும் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. மருந்துக்கடை அண்ணன்தான் தாளைப் பார்த்து, அது மெட்ரோனிடசோல் என்றார். அவரும் இந்தக் குழுவில் இருக்கிறார். நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

கூடலூர்க்காரன், இப்போது கோவையில் மென்பொருள் வேலை

அக்கா, ‘ஐயக்குறி’ என்று வைத்துவிடலாம். சொல்லை விட அளவுதான் முக்கியம். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்திரம் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் தரும். அச்செழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற மென்பொருளில் நீங்களே பார்க்கலாம்:

```
tesseract slip.jpg out --psm 6 tsv
```

வரும் கோப்பில் `conf` என்ற நிரலைப் பாருங்கள். 90-க்குக் கீழே இருப்பதற்கெல்லாம் குறி போட்டால் பிரச்சினை தீர்ந்தது.

படத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சீட்டின் நீளம் 21 சென்டிமீட்டர் என்று வையுங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்கு இறங்கிவிடுகிறது. சீட்டு படம் முழுக்க நிறைந்திருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏழெட்டு பிக்சல் கிடைக்கும். பால்பாயிண்ட் கோடு அரை மில்லிமீட்டர், அதாவது நாலு பிக்சல். அது போதும். ஆனால் மேசை, டம்ளர், மூக்குக்கண்ணாடி எல்லாம் சேர்ந்து விழுந்து, சீட்டு பாதிப் படத்தில்தான் இருக்கிறது என்றால் கோடு இரண்டு பிக்சலாகிவிடும். அதற்கு மேல் படத்தைச் சுருக்கும்போது, எட்டுக்கு எட்டு கட்டமாக எடுத்து நுணுக்கத்தைக் குறைப்பார்கள். அதில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். வெளிச்சம் குறைவென்றால் கைபேசி இரைச்சலை நீக்குகிறேன் என்று மெல்லிய கோட்டையும் சேர்த்தே துடைத்துவிடும். படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது அளவு குறையாது.

கோத்தகிரி

தம்பி, படக் கணக்கு உதவியாக இருந்தது, நன்றி. மதிப்பெண்தான் உதைக்கிறது. இந்தச் செயலியிலும் உள்ளே மதிப்பெண் இருக்கிறது, தோண்டிப் பார்த்தேன். `Metformin`-க்கு 93.

குன்னூர், மருந்துக்கடைக்காரர்

அந்தச் சீட்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ‘மெட்’ வரைக்கும் தெளிவு. அப்புறம் ஒரு நெளிகோடு. டாக்டர்கள் ஒரே பெயரை ஒரு நாளைக்கு இருபது தடவை எழுதுகிறவர்கள், முதல் மூன்று எழுத்தைத் தாண்டினால் கை தானாக ஓடிவிடும். கூட்டெழுத்தில் ஆங்கில எம், என், யு மூன்றும் ஒரே மேடுபள்ளம்தான். எந்த எழுத்து எங்கே முடிகிறது என்பதற்கு எல்லையே கிடையாது. அதனால் நாங்கள் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. முதலெழுத்து, சொல்லின் நீளம், எந்த இடத்தில் கோடு மேலே ஏறுகிறது, எங்கே கீழே இறங்குகிறது என்று பார்ப்போம். மெட்ரோனிடசோலில் கடைசிப் பக்கம் இரண்டு உயரக் கோடு வர வேண்டும். அதில் ஒன்றின் மேல் மடிப்பு விழுந்திருந்தது. தாளைச் சாய்த்துப் பிடித்தால் பேனா அழுத்திய தடம் தெரிந்தது. படத்தில் அது எப்படித் தெரியும்?

ஆனால் தாளைச் சாய்ப்பதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மெட்ஃபார்மின் 400 என்று ஒரு மாத்திரை என் அலமாரியில் இல்லை. 500, 850, 1000 தான் வழக்கம். 400 என்றால் மெட்ரோனிடசோல். மூன்று வேளை, ஐந்து நாள் என்பதும் அதற்குத்தான் பொருந்தும். சர்க்கரை மாத்திரையை யார் ஐந்து நாளுக்கு எழுதுவார்கள்? பெயரும் அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால், மதிப்பெண் 93 ஆனாலும் 99 ஆனாலும் மஞ்சள் அடிக்க வேண்டும்.

2016-லேயே மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தி, மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டது. என் கடைக்கு வரும் சீட்டுகளைப் பார்த்தால் அந்தச் செய்தி இன்னும் மலையேறிக்கொண்டிருக்கிறது.

கட்டபெட்டு, சிறு தேயிலை விவசாயி

நீங்கள் பேசும் விஷயம் எனக்கும் உண்டு. பச்சை இலை எடை போட்டுத் தரும் சீட்டில் 17 கிலோவா 11 கிலோவா என்று தெரியவில்லை. ஏஜெண்ட் 11 என்கிறார், எடை போடும்போது நான் நின்று பார்த்தது 17. இந்தச் செயலியில் போட்டால் எது சரி என்று சொல்லிவிடுமா? செயலி பெயரைத் தெரிவிக்கவும்.

ஊட்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியை

விவசாயி ஐயா, செயலி தீர்ப்புச் சொல்லாது. ஆனால் உங்கள் கேள்விதான் நாம் தேடும் சொல்லுக்கு நல்ல உரைகல்.

‘ஐயந்திரிபற’ என்று சொல்கிறோமே, அதில் இரண்டு சொல் இருக்கிறது. தூரத்தில் ஏதோ நிற்கிறது. ‘குற்றிகொல்லோ மகன்கொல்லோ’, கட்டையா ஆளா என்று தயங்கினால் ஐயம். இதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகவே சொல்வார்கள். கட்டையைப் பார்த்து ஆள் என்றே முடிவு கட்டிவிட்டால் திரிபு. 17-ஆ 11-ஆ என்று நீங்கள் தவிப்பது ஐயம். மெட்ரோனிடசோலை மெட்ஃபார்மின் என்று 93 மதிப்பெண்ணோடு சொன்னது திரிபு. ஐயத்தை எந்திரமே குறித்துக் காட்டலாம். திரிபைக் காட்டச் சொன்னால் எப்படிக் காட்டும்? தான் திரிந்தது தனக்குத் தெரிந்தால் அது திரிபே அல்லவே. கூடலூர்த் தம்பியின் 90 என்ற கோடு ஐயத்துக்குக் காவல், திரிபுக்கு இல்லை.

சொல்லுக்கு வருகிறேன். சுவடி படித்தவர்கள் ‘இப்படிப் படிக்கிறேன்’ என்பதைப் பாடம் என்றார்கள். உ.வே.சா. பதிப்புகளில் பாடபேதங்கள் அடிக்குறிப்பாக நிற்கும். அந்த வழியில் ‘ஐயப்பாடம்’ என்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். படத்தில் புள்ளி காணாமல் போகிறது என்று தம்பி எழுதியதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

குன்னூர்

டீச்சர் சொன்ன புள்ளியில்தான் எனக்குப் பயம். பெயரில் நாலு எழுத்து அழிந்தாலும் மீதியை வைத்துப் பிடித்துவிடலாம். எண்ணுக்கு அப்படி உதவி எதுவும் இல்லை. தைராக்சின் 12.5 மைக்ரோகிராமிலும் இருக்கிறது, 125-லும் இருக்கிறது. புள்ளி போனால் பத்து மடங்கு. இரண்டுமே அலமாரியில் இருப்பதால், மெட்ஃபார்மின் 400-ல் செய்த சோதனை இங்கே கைகொடுக்காது. இன்சுலினுக்கு 10 எழுதி யூனிட்டுக்காக ஆங்கில ‘யு’வை ஒட்டிப் போட்டால் 100 போலவே இருக்கும். அதனால்தான் யூனிட் என்று முழுதாக எழுதச் சொல்கிறார்கள். எண் என்றாலே குறி போடுங்கள், மதிப்பெண் எதுவானாலும் சரி.

டீச்சர் கோபிக்கக் கூடாது. ‘ஐயப்பாடம்’ என்று போட்டால் என் கடைக்கு வருகிறவர்கள் பள்ளிக்கூடப் பாடம் என்றுதான் நினைப்பார்கள். ‘மங்கல்’ போதாதா?

ஊட்டி

கோபமெல்லாம் இல்லை. மங்கல் என்பது படத்தின் குறை. அந்தப் பெண் எடுத்த படத்தில் ‘மெட்’ பளிச்சென்று இருந்ததே, அதற்குப் பின்னால் வந்த நெளிகோடும் மங்கவில்லை. டாக்டரின் கைதான் ஓடிவிட்டது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஐயம் வரும்.

கூடலூர்க்காரன்

என் 90-ஐத் திரும்பப் பெறுகிறேன். அந்த மதிப்பெண் எந்திரம் தனக்குத் தெரிந்த சொற்களுக்குள் எதன் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. பயிற்சியில் அடிக்கடி கண்ட மருந்தென்றால் அந்தப் பக்கமே சாயும், நெளிகோட்டையும் அதுவாகவே படிக்கும்.

கல்வெட்டு, சுவடிகளை மின்வடிவாக்குபவர்களின் TEI குறிமுறையில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் வைத்துவிடலாம்:

```
<choice>
  <unclear cert="low">12.5</unclear>
  <unclear cert="low">125</unclear>
</choice>
```

ஒன்றுமே தெரியாத இடத்துக்கு `gap`. எழுத்தில் இல்லாமல் நாமே இட்டு நிரப்பியதற்கு `supplied`. மெட்ரோனிடசோல் என்று அண்ணன் முடிவு செய்ததில் பாதி கண் படித்தது, பாதி 400-ஐ வைத்து ஊகித்தது. அந்த இரண்டுக்கும் ஒரே மஞ்சள் போதுமா என்பதுதான் இப்போது என் கேள்வி.

கோத்தகிரி

போதாது என்றுதான் எனக்கும் படுகிறது. இப்போதைக்கு இப்படி எழுதி அனுப்புகிறேன். கலைச்சொல் பட்டியலில் ‘ஐயப்பாடம்’. திரையில் ‘ஐயம்: 12.5 அல்லது 125’, கீழே சிறிய எழுத்தில் ‘தாளைக் கடையில் காட்டிக் கேளுங்கள்’. படிக்கவே முடியாத இடத்தில் வெறும் கோடு, எந்திரம் எதையும் இட்டு நிரப்பக் கூடாது. ஊகித்ததற்கு ‘ஊகப்பாடம்’ என்று டீச்சர் தனிமடலில் சொன்னார், அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. திரிபுக்குத் திரையில் இடமே இல்லை. பெயரும் அளவும் பொருந்தாதபோது என்ன காட்டுவது என்பதற்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.

கட்டபெட்டு

சரிங்க, புரிந்தது. நாளைக்கு எடை போடும்போது எண்ணோடு பதினேழு என்று எழுத்தாலும் எழுதித் தரச் சொல்கிறேன். செயலி பெயர் மட்டும் இன்னும் வரவில்லை.