ஹெல்ப்மேட்டில் ஒரே வரிசை: உங்களை மடக்கிய புதிர் எது?

கட்டம்64: என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது நாலே காய் உள்ள புதிர். வெள்ளை ராஜா c1, குதிரை d4. கருப்பு ராஜா a2, சிப்பாய் a3. இரண்டு நகர்த்தலில் ஹெல்ப்மேட், அதாவது கருப்பும் வெள்ளையோடு ஒத்துழைத்துத் தன் ராஜாவுக்கே மேட் வாங்க வேண்டும். வழக்கம்போல் கருப்பு முதலில். கருப்புக்கு ராஜா a1 தவிர வேறு வழியே கிடையாது. அப்புறம் சிப்பாய் a2-க்கு வந்து தன் ராஜாவையே அடைக்கும், குதிரை மேட் வைக்கும். இதுவரை சுலபம். ஆனால் நடுவில் வெள்ளை ஒரு நகர்த்தல் ஆடியாக வேண்டும். சிக்கலே அதுதான்.

மாலைநேர ஆட்டக்காரர்: இதற்கு இரண்டு விடை வருமே? ராஜா c1-லேயே நின்றால் b1, b2 இரண்டும் அவர் காவலில். குதிரை b3-க்குப் போனாலும் மேட், c2-க்குப் போனாலும் மேட்.

கட்டம்64: கடைசி நிலை நீங்கள் சொல்வதுதான். ஆனால் சும்மா இருக்க விதி விடாதே! குதிரையை ஆடினால் அது நிற்கும் கட்டத்தின் நிறம் மாறிவிடும். d4-இலிருந்து b3-க்கோ c2-க்கோ ஒரே தாவல். இரண்டு தாவலில் அங்கே போகவே முடியாது. ஆக நேரம் கடத்த வேண்டியது ராஜா. d1, d2-க்குப் போனால் b1, b2 இரண்டுமே காவல் இழக்கும். மிச்சம் c2. அங்கே போனதும் குதிரையின் c2 மேட் அடைபட்டு, b3 மட்டும் நிற்கிறது. ராஜா a1, ராஜா c2. சிப்பாய் a2, குதிரை b3 மேட். எனக்கு இதில் பிடித்ததே, காத்திருக்கும் நகர்த்தலே இரண்டாவது விடையையும் அடைத்துவிடுவதுதான்.

போர்டு_நம்பர்_4: நிஜ ஆட்டத்தில் எவன் சிப்பாயைத் தள்ளுவான்? நான் கருப்பாக இருந்தால் மறுபடி ராஜா a2. போன மாதம் கிளப்பில் இதே மாதிரி குதிரைக்கு எதிராக டிரா எடுத்தேன்.

பழைய பலகை: கேட்டது ஒத்துழைக்கும் புதிர், சரி. ஆனாலும் உங்கள் ராஜா a2-ஐப் பார்ப்போம். குதிரை e2 வரும், நீங்கள் a1 போகத்தான் வேண்டும். குதிரை c1 வந்தால் a2 கட்டமும் ராஜாவுக்கு இல்லை, சிப்பாயைத்தான் தள்ளணும். குதிரை b3, மேட். உதவ மறுத்தாலும் இரண்டு நகர்த்தல்தான் தள்ளிப்போகும். இது பதினெட்டாம் நூற்றாண்டு ஆட்டக்காரர் ஸ்டாம்மா காலத்து மேட். கிளப்பில் உங்கள் எதிராளியின் ராஜா எங்கே நின்றது?

போர்டு_நம்பர்_4: ஞாபகமில்லை. d பக்கம் எங்கேயோ.

மாலைநேர ஆட்டக்காரர்: கருப்பு முதலில் என்பது ஆரம்பத்திலிருந்தே உண்டா?

பழைய பலகை: இல்லை. மாக்ஸ் லாங்கே 1854-இல் போட்ட ஹெல்ப்மேட் புதிரில் வெள்ளைதான் தொடங்கும். 1860-இல் சாம் லாய்ட் கருப்பைத் தொடங்க வைத்தார்.

மாலைநேர ஆட்டக்காரர்: சரி, இந்த நாலு காயை வைத்தே இரண்டு வேறு மேட் வருகிற மாதிரி அமைக்க முடியுமா? குதிரையை வேறு கட்டங்களில் வைத்துப் பார்க்கிறேன், இன்னும் சிக்கவில்லை.