ஓவர்லோடு ரிலே அசையவில்லை, மோட்டார் கருகிவிட்டது: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

முருகேசன், செனோக்கோ

ஒரு உணவுத் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்களிடம் மசாலா விழுது கலக்கும் பெரிய மிக்சர் ஒன்று உண்டு. 11 கிலோவாட் மோட்டார், பெயர்ப்பலகையில் 21 ஆம்பியர். பல வருடமாக நேரடியாக 50 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு தொந்தரவும் இல்லை. புதிதாக வந்த விழுது ரொம்பக் கெட்டி, மெதுவாகக் கலக்க வேண்டும் என்றார்கள். விஎஃப்டி போட்டோம். அதன்பின் பெரும்பாலும் 17 ஹெர்ட்ஸில்தான் ஓட்டம்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை பத்து மணிக்கு வார்னிஷ் கருகும் வாடை. மூன்று பேஸிலும் வைண்டிங் ஒரே மாதிரி கறுத்திருந்தது. பேனலைத் திறந்தால் ஓவர்லோடு ரிலே, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

முதலில் கண்ணில் பட்டது ரிலே இருந்த இடம். விஎஃப்டி போட்டவர்கள் பழைய ரிலேயை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள், அதாவது விஎஃப்டிக்கு முன்னால், உள்ளே போகும் பக்கம். ரீவைண்டிங் முடிந்து வந்த மோட்டாரை ஓட்டிக் கிளிப்-ஆன் மீட்டரில் பார்த்தேன். உள்ளே போகும் பக்கம் 7 ஆம்பியர், மோட்டாருக்குப் போகும் பக்கம் 18. மெதுவாகச் சுற்றும்போது வேலை மூன்றில் ஒரு பங்குதான், அதனால் லைனிலிருந்து இழுப்பதும் குறைவு. ஆனால் விழுது கெட்டி, முறுக்குவிசை குறையவில்லை. மோட்டாருக்குள் ஓடும் கரண்டும் குறையவில்லை.

சரி, கண்டுபிடித்துவிட்டோம் என்று ரிலேயை மோட்டார் பக்கம் மாற்றி, 21-இல் செட் செய்து, நிம்மதியாகக் கோப்பிக்கடைக்குப் போய்விட்டேன். அந்த நிம்மதிதான் தப்பு. 18 ஆம்பியர் என்பது 21-க்குக் கீழே. எந்தப் பக்கம் வைத்தாலும் அது டிரிப் ஆகப் போவதில்லை.

ரீவைண்டிங் கடைக்காரர் டெர்மினல் பாக்ஸில் இரண்டு மெல்லிய வயரைக் காட்டி, "தெர்மிஸ்டர் வச்சிருக்கேன், பழைய வைண்டிங்லயும் இருந்துச்சு, நீங்கதான் டேப் சுத்தி மடக்கி வச்சிருந்தீங்க" என்றார். டிபி1, டிபி2 என்று சின்ன எழுத்தில் அதில் அச்சடித்திருந்தது. பழைய மோட்டாரிலும் அதைப் பார்த்திருக்கிறேன். ஸ்பேர் வயர் என்று நினைத்துக்கொண்டேன்.

தெர்மிஸ்டர் ரிலே ஒன்று வாங்கி மாட்டினோம். காலையில் அளந்தபோது மூன்று தெர்மிஸ்டரும் சேர்ந்து 240 ஓம். மிக்சரை 17 ஹெர்ட்ஸில் விட்டோம். 50-வது நிமிடம் டிரிப். மீட்டரில் அப்போதும் அதே 18 ஆம்பியர்தான். மோட்டார் உடம்பில் அகச்சிவப்பு வெப்பமானியை வைத்தால் 88 டிகிரி. தொட்டால் சுடும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. ரிலே தானாகத் திரும்பி வர 35 நிமிடம் ஆனது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? தெர்மிஸ்டர் சொன்னது நிஜம்தானா, இல்லை சும்மா மிரட்டியதா?

ரவி, ஜூரோங்

அண்ணே, இது சுலபம். ஓவர்லோடை 21-இல் வைக்காமல் 17-க்குக் குறைத்து வையுங்கள். நான் எங்கள் கன்வேயருக்கு அப்படித்தான் செய்தேன், பிரச்சினையே வரவில்லை.

கவிதா, துவாஸ்

ரவி, 17-க்குக் குறைத்தால் ரிலே சீக்கிரம் டிரிப் ஆகும், வாஸ்தவம். ஆனால் முருகேசன் அண்ணனின் மிக்சர் 50 ஹெர்ட்ஸிலும் ஓட வேண்டும். அப்போதும் அதே 18 ஆம்பியர்தான் இழுக்கும், மோட்டாரோ சுகமாக இருக்கும். அந்த ஓட்டத்தையும் சேர்த்து நிறுத்திவிடுவீர்கள். ஒரே 18 ஆம்பியர் ஒரு வேகத்தில் நல்லது, இன்னொரு வேகத்தில் ஆபத்து. கரண்டை மட்டும் பார்க்கும் ரிலேக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

வித்தியாசம் பின்பக்கக் காற்றாடியில் இருக்கிறது. அது மோட்டார் ஷாஃப்டிலேயே மாட்டியிருப்பதால் 17 ஹெர்ட்ஸில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுற்றும். செம்பில் உண்டாகும் சூடு அப்படியே இருக்கிறது, அதை வெளியே தள்ளும் காற்றுதான் குறைந்துபோனது.

உங்கள் விஎஃப்டிக்குள்ளேயே மோட்டார் சூட்டைக் கணக்குப் போடும் வசதி இருக்கும். அதில் மோட்டாருக்குத் தனிக் காற்றாடி உண்டா, ஷாஃப்ட் காற்றாடியா என்று தேர்வு செய்யும் இடம் பெரும்பாலான விஎஃப்டிகளில் உண்டு. தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தால் குறைந்த வேகத்திலும் முழுக் குளிர்ச்சி கிடைப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும். சரியாகவே வைத்தாலும் அது வெறும் கணக்குதான். காற்றாடி மூடியில் மாவு அடைத்திருப்பதும், அறையில் 42 டிகிரி இருப்பதும் அந்தக் கணக்கில் வராது.

தெர்மிஸ்டர் பொய் சொல்கிறதா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. காலையில் மோட்டார் முழுக்க ஆறியிருக்கும்போது வைண்டிங் ரெசிஸ்டன்ஸை மில்லிஓம் மீட்டரில் அளந்து, அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரிப் ஆனவுடன் மோட்டார் பக்கத்து ஐசோலேட்டரைத் திறந்து பூட்டுங்கள். மின்சாரம் இல்லை என்று சோதித்துவிட்டு, அதே இரண்டு முனைகளில் திரும்ப அளங்கள். செம்புக்குக் கணக்கு இது:

```
T2 = (R2 / R1) × (234.5 + T1) − 234.5
```

முருகேசன், செனோக்கோ

நேற்று அளந்தேன். காலையில் 30 டிகிரியில் 0.62 ஓம். டிரிப் ஆகி மூன்று நிமிடம் கழித்து 0.87. கணக்குப் போட்டால் 137 டிகிரி வருகிறது. ஆனால் கடைக்காரர் வைத்தது 150 டிகிரி தெர்மிஸ்டர். 13 டிகிரி எங்கே போனது?

கவிதா, துவாஸ்

எங்கும் போகவில்லை. ரெசிஸ்டன்ஸ் சொல்வது முழு வைண்டிங்கின் சராசரி. தெர்மிஸ்டரைப் பெரும்பாலும் வைண்டிங்கின் முனைச் சுருளில் கட்டுவார்கள், சூடு அதிகமாகச் சேரும் இடம் அது. போதாததற்கு மூன்று நிமிடம் ஆறவும் விட்டிருக்கிறீர்கள். 137 என்பது நன்றாகவே ஒத்துப்போகிறது. 155 டிகிரி வரை தாங்கும் எஃப் வகை இன்சுலேஷன் என்றால் நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். தனி மின்சாரத்தில் ஓடும் காற்றாடி ஒன்றைப் பின்னால் மாட்டுங்கள்.

பழனி அண்ணன், பெஞ்சுரு

தம்பிகளா, எல்லாம் சரி. தெர்மிஸ்டர் வந்துவிட்டது என்று ஓவர்லோடைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். நான் கப்பல் பட்டறையில் இருந்தபோது ஒருவர் அப்படித்தான் செய்தார். மரக்கட்டை அரைக்கும் இயந்திரம், உள்ளே இரும்புத் துண்டு மாட்டி ரோட்டர் அப்படியே நின்றுவிட்டது. அந்த நிலையில் மோட்டார் ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும், செம்பு நொடிக்கு நொடி சூடேறும். தெர்மிஸ்டர் செம்பைத் தொட்டுக்கொண்டு இருப்பதில்லை, நடுவில் இன்சுலேஷனும் அதன் உறையும் இருக்கின்றன. சூடு அங்கே போய்ச் சேர்வதற்குள் இங்கே கதை முடிந்துவிடும். வகுப்பு 10 ஓவர்லோடு இருந்திருந்தால் 10 நொடிக்குள் அறுத்துவிட்டிருக்கும். மெதுவாக ஏறும் சூட்டுக்குத் தெர்மிஸ்டர், திடீர்ச் சூட்டுக்கு ஓவர்லோடு. இரண்டும் வேண்டும்.

இன்னொன்று. முருகேசா, உன் ரிலே தானாகத் திரும்பி வருகிறது என்றாய். மிக்சருக்குள் யாராவது கையை விட்டு விழுதை வழித்துக்கொண்டிருக்கும்போது அது திரும்பி வந்து மோட்டாரும் ஓட ஆரம்பித்தால்? கையால் ரீசெட் செய்யும் வகைக்கு மாற்று. இன்றைக்கே.

முருகேசன், செனோக்கோ

மாற்றிவிட்டேன் அண்ணே. அது எனக்குத் தோன்றவே இல்லை.

சரவணன், ஊட்லண்ட்ஸ்

எங்கள் வீட்டு ஏர்கான் வெளி யூனிட்டும் மதியத்தில் நின்றுவிடுகிறது. அதிலும் தெர்மிஸ்டர் இருக்கிறது என்றார் பழுது பார்க்க வந்தவர், மாற்ற 120 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா?

ரவி, ஜூரோங்

அண்ணே, அது வேறு தெர்மிஸ்டர். ஏர்கானில் இருப்பது பெரும்பாலும் சூடேறினால் ஓம் குறையும் வகை, வெப்பநிலையை அளந்து சொல்ல வைத்தது. மோட்டாருக்குள் இருப்பது ஒரு குறிப்பிட்ட சூடு வரை சும்மா இருந்து, அந்த இடத்தில் சட்டென்று எகிறும். மூன்றில் ஒன்று சூடானாலும் மொத்தம் 3,000 ஓமைத் தாண்டிவிடும், ரிலே விழுந்துவிடும். 120 வெள்ளி விவகாரம் எனக்குத் தெரியாது.

என் பங்குக்கு ஒரு பாவமன்னிப்பு. இங்கே வந்த புதிதில் ஒரு பம்ப் மோட்டாரை மெகர் செய்யும்போது அந்த மெல்லிய வயர் இரண்டுக்கும் நடுவிலேயே 500 வோல்ட் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ரிலே நிரந்தரமாக டிரிப். வைண்டிங்கைப் பிரிக்காமல் புதியது வைக்க முடியாது. அப்போதைய சூப்பர்வைசர் அந்த இடத்தில் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி, "இப்ப ஓடுது பாரு" என்றார். பச்சை விளக்கு எரிந்தது. அது இன்னும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பழனி அண்ணன், பெஞ்சுரு

அடப்பாவி. தெர்மிஸ்டர் வயர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி எர்த்தில் கட்டிவிட்டுத்தான் வைண்டிங்குக்கு மெகர் கொடுக்க வேண்டும். அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு.

ஜெகன், சாங்கி

என் கேள்வி கொஞ்சம் வேறு. மொட்டைமாடியில் 7.5 கிலோவாட் எக்ஸாஸ்ட் ஃபேன், விஎஃப்டியில் 45 ஹெர்ட்ஸ். தெர்மிஸ்டர் நேராக விஎஃப்டியின் தெர்மிஸ்டர் உள்ளீட்டில். வாரத்தில் இரண்டு நாள், மதியம் 2 மணியிலிருந்து 3 மணிக்குள் டிரிப். கரண்ட் பெயர்ப்பலகையில் பாதிதான். வெயிலா, கேபிள் இரைச்சலா? தெர்மிஸ்டர் வயர் மோட்டார் கேபிளோடு ஒரே டிரங்கிங்கில் 30 மீட்டர் வருகிறது.

கவிதா, துவாஸ்

இரைச்சல் என்றால் காலையிலும் வர வேண்டும், அதனால் எனக்குச் சந்தேகம் சூட்டின் மேல்தான். ஆனாலும் அந்த வயரைத் தனிக் குழாயில், ஷீல்டு கேபிளில் கொண்டுபோவதுதான் முறை. அந்த உள்ளீட்டுக்கு மோட்டார் தெர்மிஸ்டர் எந்த அளவு இன்சுலேட் ஆகியிருக்க வேண்டும் என்று விஎஃப்டி கையேட்டில் பாருங்கள். பொருந்தாவிட்டால் நடுவில் தனி ரிலே வேண்டும். அடுத்த முறை டிரிப் ஆனவுடன் பவரை அணைத்துப் பூட்டி, வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளங்கள். 200, 300 ஓம் என்றால் இரைச்சல், ஆயிரக்கணக்கில் என்றால் நிஜச் சூடு.

ஜெகன், சாங்கி

இன்று 2.20-க்கு டிரிப். உயரத்தில் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்கி மேலே ஏறிப் பூட்டுவதற்குள் 25 நிமிடம் போய்விட்டது. அளந்தால் 1,100 ஓம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது அக்கா?

கவிதா, துவாஸ்

ஆறிய தெர்மிஸ்டர் மூன்றும் சேர்ந்து 1,100 காட்டாது, 750-க்குள் இருக்க வேண்டும். 25 நிமிடம் ஆறிய பிறகும் இவ்வளவு என்றால் சூடு பக்கம்தான் சாய்கிறது. ஆனால் மூன்றில் ஒன்று கெட்டுப்போயிருந்தாலும் இப்படிக் காட்டும். நாளைக் காலை 7 மணிக்கு, ஃபேன் ஓட ஆரம்பிக்கும் முன் ஒருமுறை அளந்துவிட்டுச் சொல்லுங்கள். காற்றாடி மூடியையும் கழற்றிப் பாருங்கள், மொட்டைமாடியில் புறா கூடு கட்டும்.

ஜெகன், சாங்கி

காலை அனுமதிச் சீட்டு 9 மணிக்குத்தான் தருவார்கள், ஃபேன் 6-க்கே ஓட ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நிறுத்தத்தில் அளந்து சொல்கிறேன். புறா இருக்கிறது, அதை இன்றே பார்த்துவிட்டேன். கூடு எங்கே என்றுதான் தெரியவில்லை.