கவுண்டர் முன்பதிவுப் படிவம்: மூன்று பெரியவர், ஒரு குழந்தை, தாம்பரத்தில் ஏறணும்

குரோம்பேட்டை அம்மா
வணக்கம். என்னிடம் இருப்பது பட்டன் போன். இதை என் தங்கை மகள் போனில் எழுதுகிறேன். ஆன்லைனில் டிக்கெட் போட எனக்குத் தெரியாது, கணக்கும் கிடையாது. இதுவரை ரயிலில் தொலைதூரம் போனதும் இல்லை, எப்போதும் பஸ்தான்.

அடுத்த மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் வேண்டும். நான் (57), வீட்டுக்காரர் (64, முழங்கால் வலி, மேல் பெர்த்தில் ஏற முடியாது), மகள் (31), பேரன் (4). ஸ்டேஷனில் படிவம் வாங்கி வந்து எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ‘ஃப்ரம்’ என்ற இடத்தில் எழும்பூர் போடுவதா, தாம்பரமா? அதோடு ‘போர்டிங் அட்’ என்று தனியாக ஒன்று இருக்கிறதே, அது எதற்கு? வீட்டுக்காரருக்குக் கீழ் பெர்த் கிடைக்க எங்கே எழுத வேண்டும்? மேலே இருக்கிற ‘ஆம் / இல்லை’ கட்டங்களை என்ன செய்வது?

நெல்லைச்சீமை
அம்மா, மேலே சீனியர் சிட்டிசன் சலுகை வேண்டுமா என்று கேட்டிருப்பார்கள். அதில் ‘ஆம்’ போடுங்கள். ஐயாவுக்கு 40 சதவீதம் குறையும். எங்க அப்பாவுக்கு அப்படித்தான் போட்டோம்.

டிக்கெட்வரிசை
நெல்லைச்சீமை, அது பழைய கதை. மூத்தோர் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். ‘ஆம்’ போட்டாலும் முழுக் கட்டணம்தான். படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் அச்சாகி வருவதால் எல்லோரும் ஏமாந்து போகிறார்கள். ஆனால் வயதுக்காகக் கீழ் பெர்த் ஒதுக்குவது நிற்கவில்லை. அம்மா கேட்கிற விஷயமே அதுதான்.

அம்மா, அதையே முதலில் சொல்கிறேன். மற்றதெல்லாம் சின்ன விஷயம். ஸ்லீப்பர் பெட்டியில் ஆறு, ஏழு கீழ் பெர்த்துகளை 60 வயது தாண்டிய ஆண்களுக்கும், 45 தாண்டிய பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஐயாவும் நீங்களும் இரண்டு பேருமே இதற்குள் வருகிறீர்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த டிக்கெட்டில் ஒருவரோ இருவரோதான் இருக்க வேண்டும், அவர்களும் இந்த வயதுக்குள் வருகிறவர்களாக இருக்க வேண்டும். மூன்றாவதாக உங்கள் மகள் பெயரையும் அதே படிவத்தில் எழுதினால், அந்த ஒதுக்கீடு உங்களுக்கு இல்லை. பொது இடத்தில் கீழ் பெர்த் மிச்சமிருந்தால் தருவார்கள், அவ்வளவுதான்.

அதனால் உங்களுக்கு இரண்டு படிவம் தேவை. ஒன்றில் நீங்களும் ஐயாவும், இன்னொன்றில் மகள். பெர்த் விருப்பம் கேட்கிற கட்டத்தில் ஐயா பெயருக்கு நேரே ‘லோயர்’ என்று எழுதுங்கள். ஜன்னலில் வாயாலும் ஒரு முறை, ‘லோயர் பெர்த் கோட்டாவில் பாருங்க சார்’ என்று சொல்லிவிடுங்கள்.

ஏசிபெட்டி
தட்கல் போட வேண்டுமானால் காலையிலேயே வரிசையில் நிற்கணும். ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. போன தடவை நான் நின்றபோது எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதே எல்லாம் தீர்ந்துவிட்டது.

டிக்கெட்வரிசை
அவர்கள் தட்கல் கேட்கவில்லை சார், அடுத்த மாதம்தான் பயணம். 60 நாளுக்கு முன்பே சாதாரண முன்பதிவு திறந்துவிடும். இப்போதே போய் வாங்கலாம்.

குரோம்பேட்டை அம்மா
தம்பி, மகளைத் தனிப் படிவத்தில் போட்டால் வேறு பெட்டியில் போய்விட மாட்டாளா? குழந்தை யாரோடு?

டிக்கெட்வரிசை
போகலாம், அம்மா. அதைத்தான் நீங்கள் யோசித்து முடிவு செய்ய வேண்டும். ஒரே படிவமென்றால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும், ஆனால் கீழ் பெர்த் நிச்சயமில்லை. தனிப் படிவமென்றால் கீழ் பெர்த் வாய்ப்பு கூடும், பெட்டி மாறலாம். முழங்கால் வலி இருக்கிறவர் என்கிறீர்கள், நானாக இருந்தால் தனிப் படிவம்தான் போடுவேன். இரண்டையும் அடுத்தடுத்து போட்டால் ஒரே பெட்டியில் விழக்கூடும், ஆனால் அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

குழந்தைக்கு 5 வயது ஆகாததால் தனி பெர்த் வேண்டாமென்றால் டிக்கெட்டே வேண்டாம். பெரியவர்கள் பெயர் எழுதுகிற அட்டவணைக்குக் கீழே, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று சின்னதாக ஒரு இடம் இருக்கும். அங்கே எழுதுங்கள், மேலே எழுதிவிடாதீர்கள். மேலே எழுதினால் பெர்த் கேட்பதாக எடுத்துக்கொண்டு முழுக் கட்டணம் போட்டுவிடுவார்கள். மகள் படிவத்தில் சேர்ப்பது நல்லது, அவன் தூங்கப்போவது அவளோடுதானே.

மாம்பலம்வாசி
ஃப்ரம், போர்டிங் பற்றி நான் சொல்கிறேன். எழும்பூரிலிருந்து டிக்கெட் வாங்கி, ‘போர்டிங் அட்’ கட்டத்தை வெறுமையாக விட்டு, தாம்பரத்தில் போய் ஏறினால் சிக்கல். எழும்பூரில் நீங்கள் ஏறவில்லை என்று டிடிஇ குறித்துவிட்டால் பெர்த்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். அதற்காகத்தான் அந்தக் கட்டம். ஃப்ரம் எழும்பூர், போர்டிங் தாம்பரம் என்று எழுதினால் பிரச்சினை இல்லை. ஆனால் அப்புறம் மனசு மாறி எழும்பூரில் போய் ஏறக்கூடாது.

டிக்கெட்வரிசை
சரிதான். உங்களுக்கு எப்படியும் தாம்பரம்தான் என்பதால், ஃப்ரம் கட்டத்திலேயே தாம்பரம் என்று எழுதிவிடலாம், போர்டிங் கட்டத்துக்கு வேலையே இல்லை. அதில் காத்திருப்புப் பட்டியல் என்று சொன்னால், ‘எழும்பூரிலிருந்து போட்டு தாம்பரத்தில் ஏறுகிறோம், இருக்குதா’ என்று ஜன்னலில் இருக்கிற கிளார்க்கையே கேளுங்கள்.

மாம்பலம்வாசி
நான் எழும்பூர் என்றே எழுதுவேன். ரயில் புறப்படும் இடத்திலிருந்து போட்டால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

டிக்கெட்வரிசை
சில ரயிலில் அப்படி. நெல்லையில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. ஜன்னலில் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம், அம்மா. ரயில் பெயரோடு 12631 என்ற எண்ணையும் எழுதுங்கள், கிளார்க் எண்ணைத்தான் தட்டுவார். மேலே இருக்கிற இன்னொரு கட்டம், கூடுதல் கட்டணமில்லாமல் மேல் வகுப்புக்கு மாற்றலாமா என்று கேட்கிறது. அதில் ‘இல்லை’ என்று போடுங்கள். வெறுமையாக விட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஏசி கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் அங்கே ஐயாவுக்குக் கீழ் பெர்த் வருமா என்று தெரியாது.

பெயர்களை ஆதாரில் இருக்கிறபடி ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பயணத்தின்போது ஒருவரின் அசல் அடையாள அட்டையாவது கையில் இருக்க வேண்டும். இரண்டு டிக்கெட்டென்றால் இரண்டுக்கும் ஒவ்வொன்று.

குரோம்பேட்டை அம்மா
இரண்டு படிவத்தையும் நானே கொடுக்கலாமா? ஒருவருக்கு ஒன்றுதான் என்று அதிலேயே போட்டிருக்கிறது.

நெல்லைச்சீமை
அது ஆளைப் பொறுத்தது அம்மா. சிலர் வாங்கிக்கொள்வார்கள், சிலர் வரிசையில் திரும்ப வரச் சொல்வார்கள்.

டிக்கெட்வரிசை
மகளையும் கூட்டிப்போய் உங்களுக்குப் பின்னாலேயே நிறுத்துங்கள். உங்களது முடிந்ததும் டிக்கெட்டில் பெட்டி எண்ணைப் பார்த்துவிட்டு, அவள் தன் படிவத்தைக் கொடுக்கும்போது ‘இதே பெட்டியில் ஏதாவது இருக்கா சார்’ என்று கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போவதானால் மதியம் 2 மணிக்குள், மற்ற நாள் இரவு 8 வரை இருப்பார்கள். ஜன்னலை விட்டு நகர்வதற்கு முன் தேதி, வயது, ஏறும் ஸ்டேஷன் மூன்றையும் டிக்கெட்டில் பாருங்கள்.