பழைய டேப்லட்டில் தங்க விலைப் பலகை: பேட்டரி உப்பியது

நகைக்கடை
கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய ஆண்ட்ராய்டு டேப்லட் மாட்டியிருக்கிறேன். காலையில் விலை வந்ததும் வீட்டிலிருந்தே கூகுள் ஷீட்டில் கிராம் விலையை மாற்றினால் சில நிமிடத்தில் திரையிலும் மாறிவிடும். Fully Kiosk Browser அந்தப் பக்கத்தை மட்டும் காட்டும், வேறு எதையும் யாரும் திறக்க முடியாது. கடை வைஃபையில் இருந்தால், டேப்லட்டின் ஐபி முகவரியோடு `:2323` சேர்த்து பிரௌசரில் அடித்து, திரையை அணைக்கலாம், பக்கத்தை மறுபடி ஏற்றலாம்.

எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. போன வாரம் திரையின் நடுவில் வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் பின்மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவு தூக்கியிருக்கிறது. சார்ஜர் எப்போதும் சொருகியேதான் இருக்கும். இதை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

மளிகைக்காரர்
எனக்கும் ஒன்று அப்படி ஆனது. சார்ஜர் வேகம்தான் காரணம். பழைய ஒரு ஆம்பியர் சார்ஜர் போடுங்கள், சரியாகிவிடும்.

செல் சர்வீஸ்
மெதுவான சார்ஜரில் சூடு குறையும், அது உண்மை. ஆனால் பேட்டரி நூறிலேயே நிற்குமே! முழுசாக நிரம்பிய நிலையும் வெயில் சூடும் மாதக்கணக்கில் சேர்ந்தால் உள்ளே வாயு உண்டாகி உப்பும். முதலில் சார்ஜரை எடுத்து அணைத்து வையுங்கள். மூடியை அமுக்கிப் பொருத்தக் கூடாது, குத்தவும் கூடாது. பேட்டரியை மாற்றிய பிறகு ஸ்மார்ட் பிளக் வாங்கி 40 சதவீதத்துக்கு வந்தால் ஆன், 75-ல் ஆஃப் என்று ஓடவிடுங்கள். அது சிரமம் என்றால் டைமர் போதும். திரை எரியும்போது மணிக்கு 10 சதவீதம் இறங்குகிறது, சார்ஜில் மணிக்கு 15 ஏறுகிறது என்றால், இரண்டு மணி நேரம் ஆன், மூன்று மணி நேரம் ஆஃப். உங்கள் டேப்லட்டில் எவ்வளவு என்று ஒரு நாள் பார்த்துவிட்டு நேரம் வையுங்கள். இரவில் திரை அணைந்திருக்கும்போது பிளக்கும் ஆஃபில் இருக்கட்டும்.

குடோன்
என்னிடம் பழைய போனில், போனையே கேமராவாக்கும் IP Webcam ஆப் ஓடுகிறது. கடையில் `:8080` போட்டால் படம் வருகிறது, வீட்டிலிருந்து வரவில்லை. ரவுட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை. பேட்டரிதான் காரணமா?

செல் சர்வீஸ்
இல்லை அண்ணே, அது வேறு விஷயம். ரவுட்டரின் WAN முகவரி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால், நெட் கம்பெனி ஒரே வெளி முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது. அங்கே போர்ட் திறந்து பயனில்லை. இரண்டு போனையும் ஒரே தனி நெட்வொர்க்கில் சேர்க்கும் Tailscale ஆப்பை அந்தப் போனிலும் உங்கள் போனிலும் போட்டு, அது தரும் முகவரியோடு `:8080` அடியுங்கள். திறந்த போர்ட்டை மறக்காமல் மூடிவிடுங்கள்.

நகைக்கடை
பேட்டரி மாற்றக் கொடுத்துவிட்டேன், நன்றி. இன்னொன்று: நீண்ட மின்வெட்டில் முழுதும் இறங்கினால், கரண்ட் வந்தாலும் சார்ஜ் படம் மட்டும் காட்டி நிற்கிறது. நேரில் போய் பட்டனை அழுத்த வேண்டியிருக்கிறது.

செல் சர்வீஸ்
கம்ப்யூட்டரில் இணைத்து, பாஸ்ட்பூட்டில் இதைக் கொடுத்துப் பாருங்கள்:

```
fastboot oem off-mode-charge 0
```

சில மாடல்களில் கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும். சிலவற்றில் இந்தக் கட்டளையே ஏற்காது. மாடல் எண் சொல்லுங்கள்.