ரெண்டு கிலோதானே கூடுது? ஸ்ப்ரே ட்ரோனும் எல்எஃப்பி பேட்டரியும்

சோலார் செக்காலை
ட்ரோன்காரங்க காசைக் கரியாக்குறாங்க. அவங்க மாட்டுற லிப்போ, அதான் லித்தியம் பாலிமர் பேட்டரி, 300 தடவை சார்ஜ் ஏத்தினா உப்பிப் போகுது. எல்எஃப்பி, அதான் லித்தியம் இரும்பு பாஸ்பேட், 2000 தடவை தாங்கும், விலையும் குறைவு. பத்து லிட்டர் ஸ்ப்ரே ட்ரோன்ல எல்எஃப்பி மாட்டினா ரெண்டு கிலோதானே கூடுது? அதுக்குப் போய் யாராவது இவ்வளவு விலை கொடுப்பாங்களா?

ஆறு விசிறி
அந்த ரெண்டு கிலோவைப் பிரிச்சுப் பார்ப்போம். மோட்டார், டேங்க், பம்ப் எல்லாம் சேர்த்து ட்ரோன் 10 கிலோன்னு வச்சுக்குவோம். மருந்துத் தண்ணி 10 கிலோ. 6எஸ், அதாவது ஆறு செல் சீரிஸ்ல இருக்கிற 16 ஆம்பியர்-அவர் லிப்போ ரெண்டு, ஒண்ணு 2 கிலோ வீதம் 4 கிலோ. ரெண்டையும் சீரிஸ்ல மாட்டினா பன்னிரண்டு செல், சுமார் 44 வோல்ட். மொத்தம் 24. அந்த ரெண்டு பேட்டரியில இருக்கிறது 710 வாட்-அவர், அதாவது கிலோவுக்கு 178. நீங்க சொல்ற 32700 எல்எஃப்பி செல் ஒண்ணு 140 கிராம், 6 ஆம்பியர்-அவர். 14 சீரிஸ், 3 பேரலல் போட்டா 42 செல், கிட்டத்தட்ட 6 கிலோ. அங்கேயே 26 கிலோ. 25 கிலோவைத் தாண்டினா 2021 ட்ரோன் விதிப்படி வகையே மாறிடும். செல்களை இணைக்கிற நிக்கல் பட்டையும், செல்களைக் காக்கிற பிஎம்எஸ் போர்டும் நான் இன்னும் தராசுல வைக்கவே இல்லை.

சோலார் செக்காலை
நீங்களே சொல்லிட்டீங்க, 6 கழித்தல் 4, ரெண்டு கிலோ. மருந்தை ரெண்டு லிட்டர் குறைச்சு ஊத்தினா எந்த விதியும் மாறாது. இன்வெர்ட்டர் திரியிலயும் இப்படித்தான் பிஎம்எஸ்ஸை இழுத்துட்டு வந்தீங்க.

ஆறு விசிறி
இன்வெர்ட்டர் தரையில கிடக்கும், அதுக்கு எடை ஒரு பொருட்டில்லை. இங்க 24 கிலோவை அந்தரத்துல நிறுத்தவே சுமார் 3000 வாட் வேணும், அது 68 ஆம்பியர். உங்க மூணு பேரலல்ல ஒரு செல்லுக்கு 23 ஆம்பியர் விழுது. இந்த ரக செல்லுக்கு தொடர்ந்து இழுக்கிற அளவு பொதுவா 3சி, அதாவது 18 ஆம்பியர். நிமிஷக் கணக்குல சூடேறி வோல்டேஜ் விழும்.

சரி, நாலு பேரலல் போடுங்க. 56 செல், 8 கிலோ. ட்ரோன் 28 கிலோ ஆச்சு. எடை கூடினா மின்சாரம் அதே விகிதத்துல கூடாது, ஒன்றரை அடுக்குல கூடும். 28ஐ 24ஆல வகுத்து ஒன்றரை அடுக்கு எடுத்தா 1.26. 3000 வாட் 3780 ஆச்சு, 84 ஆம்பியர், செல்லுக்கு 21. திரும்பவும் பத்தலை. அஞ்சு பேரலல் போட்டா 30 கிலோ, செல்லுக்கு 18.7. அப்பவும் இடிக்குது. பேட்டரியைத் தூக்கவே பேட்டரி வேணும்ங்கிறது இதுதான். விலை இந்தக் கணக்குல எங்கேயும் வரவே இல்லை பாருங்க.

கானாடுகாத்தான் கேமரா
அண்ணே, நான் வீடுகளைப் படம் பிடிக்கிற 249 கிராம் ட்ரோன் வச்சிருக்கேன். அதுக்கு எல்எஃப்பி கிடைக்குமா? விலை கம்மின்னா வாங்கிடலாம்.

ஆறு விசிறி
தம்பி, உங்க ட்ரோன் 250 கிராமுக்குள்ள நானோ வகையில நிக்குறதே அந்த பேட்டரி லேசா இருக்கிறதாலதான். ரெண்டு கிராம் கூடினா வகை மாறிடும். வேண்டாம்.

ஆத்தங்குடி ஆச்சி
வாட்-அவர்தான் எல்லாம்னா ஏன் எல்லாரும் 21700 லித்தியம் அயான் போடலை? 70 கிராம் செல்லுல 18 வாட்-அவர், கிலோவுக்கு 257. லிப்போவை விட அதிகம். ஆறு விசிறி பாதிக் கணக்கைத்தான் சொல்றார்.

ஆறு விசிறி
பாதியெல்லாம் இல்லை ஆச்சி. அந்த செல் தொடர்ந்து 10 ஆம்பியர்தான் கொடுக்கும். 68 ஆம்பியருக்கு 7 பேரலல், 12 சீரிஸ், 84 செல், 5.9 கிலோ. இறக்கை வச்ச சர்வே ட்ரோனுக்கு அது அருமை, ஏன்னா இறக்கையே தூக்கிக்கும், இழுக்கிற ஆம்பியர் குறைவு. ஸ்ப்ரே ட்ரோன் மொத்த எடையையும் விசிறியால தூக்குது.

ஆத்தங்குடி ஆச்சி
அப்போ கிலோவுக்கு எத்தனை வாட்னும் பார்க்கணும். அதைத்தான் நான் சொன்னேன். "இல்லை"ன்னு ஆரம்பிச்சு என் பேச்சையே திருப்பிச் சொல்லாதீங்க.

சோலார் செக்காலை
நாலு பேரலல் பேக்ல 1075 வாட்-அவர் இருக்கு. மருந்தை 6 லிட்டரா வச்சா அதே 24 கிலோ, செல்லுக்கு 17 ஆம்பியர், உங்க வரம்புக்குள்ளதான். ஒரு சார்ஜ்ல ரெண்டு டேங்க் அடிக்கலாம். செட்டிநாட்டுல கணக்குன்னா வரவும் பார்க்கணும் செலவும் பார்க்கணும். 2000 தடவை!

ஆறு விசிறி
வரவைத்தான் பார்க்கிறேன். ஏக்கருக்கு 10 லிட்டர், 30 ஏக்கருக்கு 300 லிட்டர். பத்து லிட்டர்னா 30 தடவை எழும்பணும், ஆறு லிட்டர்னா 50 தடவை. காத்து அடங்குற காலையும் சாயங்காலமும்தான் தெளிக்க முடியும், மத்த நேரம் மருந்து பக்கத்து வயலுக்குப் போயிடும். அந்த நேரத்துல 20 தடவை கூடுதலா இறக்கி, டேங்க் நிரப்பி, ஏத்தணும். பேட்டரியில மிச்சம் பிடிச்ச காசு ஏக்கர் கூலியில போயிடும்.

சோலார் செக்காலை
30 ஏக்கருக்கு நீங்க 30 சார்ஜ் ஏத்துவீங்க, நான் 25. அதுவும் 2000 தாங்குற பேட்டரியில. இதுக்குப் பதில் வரலை.

புதுவயல் வயக்காட்டான்
இங்க ஒரு நடைமுறைச் சந்தேகம். லிப்போதான் போட்டிருக்கேன். டேங்க் நிறைய ஊத்தி எழும்பின உடனே லோ பேட்டரி அலாரம் அடிக்குது. பாதி டேங்க்ல அடிக்கலை. சார்ஜர் கோளாறா?

ஆறு விசிறி
சார்ஜர் இல்லைங்க. செல்லோட உள் தடை ஏறியிருக்கு. நல்ல செல்லுல 2 மில்லி ஓம்னா 68 ஆம்பியர்ல 0.14 வோல்ட் விழும். 6 மில்லி ஓம் ஆனா 0.41. பன்னிரண்டு செல்லுக்கும் சேர்த்து 5 வோல்ட் போச்சு, அதான் சத்தம் போடுது. சுமையோட ஒவ்வொரு செல்லா பாருங்க. ஒண்ணு மட்டும் மத்ததை விட அதிகமா இறங்கினா அந்த பேக்கை ஒதுக்குங்க. வாட்-அவர் உள்ளே இருந்தாலும் எடுக்க முடியாது.

எல்எஃப்பில இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. வோல்டேஜ் கடைசி வரை சமமா நிக்கும், அப்புறம் சட்டுனு விழும். ஆர்டுபைலட்ல வோல்டேஜைப் பார்க்கிற `BATT_LOW_VOLT` மட்டும் வச்சு ஓட்டினா இறக்க நேரம் கிடைக்காது. மிச்சமிருக்கிற மில்லி ஆம்பியர்-அவரைப் பார்க்கிற `BATT_LOW_MAH` வச்சே ஆகணும்.

ஆத்தங்குடி ஆச்சி
விமானத்துலயும் இதே கதைதான். பிப்பிஸ்ட்ரல் வெலிஸ் எலக்ட்ரோ, 2020ல ஐரோப்பாவுல சான்றிதழ் வாங்கின முதல் மின் விமானம். மொத்தம் 600 கிலோ, ரெண்டு பேரையும் சேர்த்துச் சுமை 172 கிலோதான். பறக்கிறது 50 நிமிஷம். பெட்ரோல்னா கிலோவுக்கு 12,000 வாட்-அவர், எரிய எரிய எடையும் குறையும். பேட்டரி காலியானாலும் அதே எடையோடதான் இறங்கணும்.

சோலார் செக்காலை
விமானத்தை யார் கேட்டா? நான் கேட்டது ஸ்ப்ரே ட்ரோன்.

ஆறு விசிறி
ரெண்டுக்கும் ஒரே இயற்பியல்தான். மண்ணுல வச்சா விலை, காத்துல தூக்கினா எடை. உங்க பேக்கை 68 ஆம்பியர்ல பத்து நிமிஷம் இழுத்து, வெப்பநிலையும் செல் வோல்டேஜும் படமெடுத்துப் போடுங்க.

சோலார் செக்காலை
போடறேன். அதுக்கு முன்னாடி புதுவயல் அரிசி ஆலைத் தராசுலயே வைக்கிறேன். 42 செல், 6 கிலோ. ஆறு கழித்தல் நாலு எத்தனைன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

ஆறு விசிறி
56 செல் வைங்க.